அடிபிறழாமல் பேச வேண்டாம், டீச்சர்

வாசகர் கடிதம்:

"அரசுப் பெண்கள் பள்ளியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். வயது 44. எங்கள் எச்.எம். இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். பாராட்டுரையை நான்தான் பேச வேண்டும், அதுவும் பேப்பர் இல்லாமல் பேச வேண்டும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். 24 நாள் இருக்கிறது. எட்டு நிமிடத்துக்கு ஆறு பக்கம் எழுதி, தினமும் காலையில் பத்துத் தடவை படிக்கிறேன். போன வருடம் ஆண்டறிக்கையை இப்படித்தான் மனப்பாடம் செய்தேன். பாதியில் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன், அதே இடத்தில் மறுபடி நின்றது. கடைசியில் பையிலிருந்து பேப்பரை எடுத்தேன். நன்றாகப் பேசிய பகுதியைக்கூட, 'ஒப்பிச்ச மாதிரி இருந்துச்சு மிஸ்' என்றாள் ஒரு மாணவி. எனக்கு ஞாபக சக்தி குறைந்துவிட்டதா? படபடப்புக்கு ஒரு மாத்திரை இருக்கிறது, போட்டுக்கொள் என்கிறார் கூட வேலை பார்க்கும் தோழி. எனக்கு வீசிங் உண்டு. உரையின் நகலை இணைத்திருக்கிறேன்."

பேச்சுப் பயிற்சியாளரின் பதில்:

அன்புள்ள டீச்சர்,

மாத்திரை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆபத்து அதில்தான் இருக்கிறது. மேடைப் படபடப்புக்குப் பலர் போட்டுக்கொள்வது ப்ராப்ரனலால் என்ற மாத்திரை. இதயத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் அது குறைக்கும். கூடவே மூச்சுக்குழாயையும் இறுக்கிவிடக்கூடியது. அதனால் ஆஸ்துமா, வீசிங் உள்ளவர்களுக்கு டாக்டர்கள் அதைக் கொடுப்பதில்லை. தோழி நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் வேண்டாம். வேறு எந்த மாத்திரையாக இருந்தாலும் உங்கள் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். மறந்துபோன வரியை எந்த மாத்திரையும் எடுத்துக் கொடுக்காது. போன வருடம் உங்களுக்கு முதலில் வந்தது மறதி, படபடப்பு அதன் பின்னால்தான் வந்தது.

அப்புறம் ஞாபக சக்தி. பிதாகரஸ் தேற்றத்தை எத்தனை வருடமாக நிரூபித்துக் காட்டுகிறீர்கள்? கையில் புத்தகம் இருக்காது. செங்கோண உச்சியிலிருந்து கர்ணத்துக்கு ஒரு செங்குத்துக்கோடு வரைவீர்கள். கிடைக்கும் இரண்டு சிறிய முக்கோணங்களும் பெரிய முக்கோணத்தோடு வடிவொத்தவை என்பீர்கள். பக்க விகிதங்களை எழுதுவீர்கள், கூட்டுவீர்கள், முடிந்தது. 'அ' பிரிவில் சொன்ன அதே வார்த்தைகளை 'ஆ' பிரிவில் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆனால் ஒரு படி தவறியிருக்காது. நடுவில் ஒரு பெண் சந்தேகம் கேட்டாலும், பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடருவீர்கள். காகிதம் இல்லாமல் எட்டு நிமிடம் பேசும் வேலையைத் தினமும் செய்கிறவர் நீங்கள்.

தேற்றத்தை நீங்கள் வைத்திருக்கும் விதம் வேறு, உரையை வைத்திருக்கும் விதம் வேறு. தேற்றத்தில் அடுத்த படி ஏன் வருகிறது என்று தெரியும், அதனால் அது தானாக வருகிறது. உரையைப் பள்ளியில் நாம் எல்லோரும் மனப்பாடச் செய்யுள் படித்த மாதிரி படிக்கிறீர்கள். 'அடிபிறழாமல் எழுதுக' என்று கேள்வித்தாள் கேட்டது, நாமும் அடிபிறழாமல் எழுதினோம். செய்யுளுக்கு அது சரியான முறைதான். "காலத்தி னாற்செய்த நன்றி சிறிதெனினும் ஞாலத்தின் மாணப் பெரிது" என்ற குறளில், முதல் அடியின் 'காலத்தி' இரண்டாம் அடியின் 'ஞாலத்தி'னைக் கையைப் பிடித்து இழுத்து வருகிறது. எதுகை, மோனை, சீர் எல்லாம் சேர்ந்து வார்த்தையை அதன் இடத்தில் நிறுத்துகின்றன. ஒரு சீர் விட்டுப்போனால் காதுக்கே தெரிந்துவிடும். உரைநடையில் இந்தப் பிடிமானம் எதுவும் கிடையாது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் இருப்பது நீங்கள் திரும்பத் திரும்பப் படித்த பழக்கம் மட்டும்தான். ஒரு கண்ணி அறுந்தால் மொத்தமும் போய்விடும். முதலிலிருந்து ஓட்டினால்தான் திரும்பக் கிடைக்கும், அதுவும் அறுந்த இடத்தில் மறுபடி அறுபடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண்டறிக்கை என்பது வாசிப்பதற்காகவே எழுதப்படுவது. தேர்ச்சி சதவீதம், நன்கொடையாளர் பெயர்கள், கட்டடச் செலவு எல்லாம் பார்த்துப் படிக்க வேண்டியவை. அதை யாரும் மனப்பாடமாக எதிர்பார்ப்பதில்லை. எண் தவறினால்தான் தவறு. போன வருடம் நீங்கள் மனப்பாடம் செய்யக் கூடாத ஒன்றைப் போய் மனப்பாடம் செய்தீர்கள். அந்த ஒரு மாலையை வைத்து உங்கள் ஞாபகத்தை எடைபோடாதீர்கள்.

உங்கள் உரையின் மூன்றாவது பத்தி

இணைத்திருந்த உரையைச் சத்தமாக இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். எங்கே நிற்பீர்கள் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. மூன்றாவது பத்தி இது:

"2018ஆம் ஆண்டு இப்பள்ளியின் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற அம்மையார் அவர்கள், மாணவியர் இடைநிற்றலைத் தடுக்கும் பொருட்டு, ஒவ்வோர் இல்லத்திற்கும் நேரில் சென்று, பெற்றோரைச் சந்தித்து, கல்வியின் அவசியத்தை எடுத்துரைத்து, பதினான்கு மாணவியருள் பதினொருவரை மீண்டும் பள்ளியில் சேர்த்த பெருமைக்குரியவர் ஆவார்."

எழுத்தில் பிழையே இல்லை. பேசுவதற்கு இது சுமை. தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. 'ஆவார்' வரும் வரை மொத்தத்தையும் நீங்கள் தலையில் தாங்க வேண்டும். நடுவில் சென்று, சந்தித்து, எடுத்துரைத்து என்று மூன்று எச்சங்கள் ஒரே ஓசையில் முடிகின்றன. நாக்கு ஒன்றைத் தாண்டி இன்னொன்றுக்குப் போய்விடும். போன பிறகுதான் எதையோ விட்டோம் என்று தெரியும், அந்தக் கணத்தில்தான் பேச்சு நிற்கும்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. உரையில் நான்கு பத்திகள் 'அதுமட்டுமின்றி' என்று தொடங்குகின்றன. நான்கு வழி பிரிகிற இடத்தில் நான்கு பலகையிலும் ஒரே ஊர்ப் பெயர் எழுதிய மாதிரி இது. இரண்டாவது 'அதுமட்டுமின்றி'யில் நின்றுகொண்டு நான்காவதன் தொடர்ச்சிக்குள் போய்விடுவீர்கள். கழிப்பறை சீரமைப்பும் விளையாட்டுப் பரிசுகளும் காணாமல் போயிருக்கும். போன வருடம் ஒரே இடத்தில் இரண்டு முறை நின்றதற்கும் இப்படி ஒரு பொது இணைப்பு காரணமாக இருந்திருக்கலாம். பழைய அறிக்கை வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

இதே விஷயத்தைத் தெளிவுக்காக உங்களைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன், நினைவிருக்கிறதா? நீங்கள் எதையும் பார்க்காமல் சொன்னதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்:

"அம்மா வந்தது 2018ல சார். வந்த மொத மாசமே அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டரை எல்லாம் மேஜை மேல அடுக்கி வச்சுட்டாங்க. பத்தாவதுல பதினாலு புள்ளைங்க வரல. யாரையும் கூப்பிட்டுத் திட்டல. சாயங்காலம் செருப்பை மாட்டிக்கிட்டு அவங்களே கெளம்பிட்டாங்க, வீடு வீடா. பதினோரு பேர் திரும்பி வந்தாங்க. மூணு பேர் வரல. அந்த மூணு பேர் பேரு அம்மாவுக்கு இன்னைக்கும் தெரியும்."

டீச்சர், இதுதான் உங்கள் உரை. வாக்கியம் ஒவ்வொன்றும் ஒரு மூச்சில் முடிகிறது. ஒன்று முடிந்ததும் கேட்கிறவருக்கு ஒரு கேள்வி வருகிறது, அடுத்த வாக்கியம் அதற்குப் பதில் சொல்கிறது. வரவில்லையா, பிறகு என்ன செய்தார்? கிளம்பினார். எத்தனை பேர் வந்தார்கள்? பதினொருவர். மீதி மூன்று பேர்? தேற்றத்தின் படிகள் மாதிரியே ஒன்றிலிருந்து ஒன்று வருகிறது. செருப்பும் மூன்று பெயர்களும் எழுதிய உரையில் இல்லவே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

எழுதுவதற்கு முன் சொல்லுங்கள்

அதனால் ஆறு பக்கத்தையும் மூடி வையுங்கள். முதல் நான்கு நாள் மனப்பாடமே வேண்டாம். எச்.எம். அம்மாவைத் தெரியாத ஒருவரிடம், உங்கள் அக்காவோ பக்கத்து வீட்டுக்காரரோ, அவரைப் பற்றிச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். பிறகு அந்தப் பதிவைக் கேட்டு எழுதுங்கள். எழுதும்போது கை தானாக 'சென்றார்கள்', 'உரையாடினார்கள்' என்று திருத்தப் பார்க்கும், விடாதீர்கள். தேவையில்லாத சுற்றலை மட்டும் வெட்டுங்கள்.

பெரியவர்கள் இருக்கும் மேடையில் கொச்சையாகப் பேசலாமா என்று யோசிப்பீர்கள். நியாயமான யோசனை. முழு உரையும் வீட்டுப் பேச்சாக இருக்க வேண்டியதில்லை. தொடக்க வணக்கம், குறள், கடைசி வாழ்த்து மூன்றும் செந்தமிழில் இருக்கட்டும். நடந்ததைச் சொல்லும் இடமெல்லாம் பேச்சுத் தமிழில் போகட்டும். தமிழ் மேடையில் நல்ல பேச்சாளர்கள் காலங்காலமாகச் செய்வது இதுதான்; சபைக்கு ஒரு நடை, சம்பவத்துக்கு ஒரு நடை. ஒரே வாக்கியத்துக்குள் இரண்டையும் கலந்தால்தான் காதில் இடிக்கும். 'அம்மா அவர்கள் கெளம்பிட்டாங்க' என்று வரக் கூடாது.

நீளத்தையும் குறைக்க வேண்டும். என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் மேடையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 முதல் 100 தமிழ்ச் சொற்கள் பேசுகிறார்கள். உங்கள் வேகத்தை ஒரு நிமிடம் பதிவு செய்து எண்ணிப் பாருங்கள். ஆறு பக்கம் எட்டு நிமிடத்தில் அடங்குகிறது என்றால் நீங்கள் ஓடுகிறீர்கள் என்று அர்த்தம். ஒப்பிக்கிற மாதிரி கேட்பதற்குப் பாதிக் காரணம் அந்த ஓட்டம்தான். ஏழு நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள். கைதட்டலுக்கும் மூச்சுக்கும் ஒரு நிமிடம் போய்விடும்.

எழுதியதை ஐந்து கட்டமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தலைப்பு வேண்டாம், கேள்வி வையுங்கள். அம்மா வந்தபோது பள்ளி எப்படி இருந்தது? வந்ததும் என்ன செய்தார்? திரும்பி வந்த பெண்களில் ஒருத்தி இப்போது எங்கே இருக்கிறாள்? எங்களிடம், அதாவது ஆசிரியர்களிடம், எப்படி இருந்தார்? அடுத்த வாரம் காலையில் கேட்டருகே யார் நிற்கப் போகிறார்கள்? நான்கு 'அதுமட்டுமின்றி'யும் இருந்த இடத்தில் இந்தக் கேள்விகள் உட்காரட்டும். நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது முதலில் இந்த ஐந்து கேள்விகளைத்தான், அதுவும் வரிசையாக.

நடிகர்கள் வசனத்தை எப்படி நினைவில் வைக்கிறார்கள் என்பதை அமெரிக்காவில் ஹெல்கா நோய்ஸ், டோனி நோய்ஸ் என்ற தம்பதி பல வருடம் ஆராய்ந்தார்கள். அனுபவமுள்ள நடிகர்கள் வார்த்தையை உருப்போடுவதில் ஆரம்பிப்பதில்லை, இந்த ஆள் இதை ஏன் இப்போது சொல்கிறான் என்று வரிக்கு வரி கேட்டுக்கொண்டு போகிறார்கள் என்று கண்டார்கள். காரணம் பிடிபட்ட பிறகு வார்த்தை தங்குகிறது. நானும் பத்து வருடம் மேடை நாடகத்தில் இருந்தவன். ஒத்திகையில் வசனம் மறக்கிற இடம் பெரும்பாலும் கதாபாத்திரத்தின் நோக்கம் எங்களுக்கே புரியாத இடமாகத்தான் இருக்கும்.

படிக்காதீர்கள், மூடி வைத்துச் சொல்லுங்கள்

காலையில் பத்துத் தடவை படிப்பது நன்றாக ஏறுகிற மாதிரி தோன்றும். அந்தத் தோற்றம்தான் ஏமாற்றுகிறது. 2006ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு குழு அதை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களிடம் 40 சதவீதம்தான் மிஞ்சியிருந்தது, பார்க்காமல் எழுதியவர்களிடம் 61 சதவீதம் இருந்தது. உங்கள் விழா ஐந்து நிமிடத்தில் இல்லை, மூன்று வாரம் தள்ளி இருக்கிறது.

ஐந்தாம் நாள் ஒரு கட்டத்தை ஒரே முறை வாசியுங்கள். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுந்து நின்று, வாய்விட்டுச் சொல்லுங்கள். தடுமாறினாலும் உடனே எட்டிப் பார்க்காதீர்கள், பத்து விநாடி தேடுங்கள். அந்தத் தேடல்தான் பயிற்சி. சொல்லி முடித்த பிறகு தாளைப் பாருங்கள். வார்த்தை மாறியிருந்தால் விட்டுவிடுங்கள். செய்தி விட்டுப்போயிருந்தால் மட்டும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஆறாம், ஏழாம் நாட்களில் மற்ற கட்டங்களையும் இப்படியே முடியுங்கள். பிறகு முழு உரையையும் ஒன்பதாம் நாள், பன்னிரண்டாம் நாள், பதினாறாம் நாள், இருபதாம் நாள் சொல்லிப் பாருங்கள். இடையில் விட்ட நாட்களில் கொஞ்சம் மறக்கும். மறந்ததைத் தேடி எடுத்தால்தான் ஊன்றும், அதனால் இடைவெளியை நிரப்பாதீர்கள்.

இதில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். எப்போதும் முதலிலிருந்து தொடங்காதீர்கள். ஐந்து கேள்விகளையும் ஐந்து துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுங்கள். நான்காவது வந்தால் நான்காவதிலிருந்து முடிவு வரை பேசுங்கள். உங்கள் முறையில் முதல் பக்கம் தினமும் பத்துத் தடவை புத்துணர்வோடு வாயில் வருகிறது, ஐந்தாம் பக்கம் களைத்த பிறகு வருகிறது. மேடையிலும் அப்படித்தான் ஒலிக்கும்.

நடுவில், பத்தாம் நாள் வாக்கில், ஒரு மோசமான கட்டம் வரும். தாளும் கையில் இல்லை, சொந்தப் பேச்சும் இன்னும் வரவில்லை, பாதி வார்த்தை மட்டும் நினைவில் இருக்கும். கண் மேலே போய் வார்த்தையைத் தேடும். இந்த நிலையில் மேடை ஏறியவர்கள்தான் அதிகம் ஒப்பிக்கிறார்கள். அதைக் கண்டு பழைய ஆறு பக்கத்துக்கு ஓடிவிடாதீர்கள். தோசை வார்க்கும்போது, துணி மடிக்கும்போது சொல்லிப் பாருங்கள். கைவேலை நடக்கும்போதும் பேச்சு வருகிறதென்றால் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

தாண்டினீர்களா என்று பார்க்க இன்னொரு சோதனை: இரண்டாவது கட்டத்தை மூன்று வேறு ஆட்களிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மூன்றிலும் வார்த்தை அச்சு அசலாக ஒன்றே என்றால் இன்னும் ஒப்பிக்கிறீர்கள். வார்த்தை கொஞ்சம் கொஞ்சம் மாறி, செய்தியும் வரிசையும் மாறாமல் இருந்தால் தயார். நிறுத்தங்களையும் கேளுங்கள். ஒப்பிக்கும்போது வாக்கியம் முடிகிற இடத்தில் மட்டும், ஒரே அளவில், குரல் இறங்கி நிற்கும். இயல்பாகப் பேசும்போது நிறுத்தம் முக்கியமான சொல்லுக்கு முன்னால் வரும்: "மூணு பேர்... வரல."

வார்த்தை மாறக் கூடாத இடங்கள்

எல்லாமே நெகிழ்வாக இருக்க முடியாது. நான்கு இடங்களை அட்சரம் பிசகாமல் வைத்துக்கொள்ளுங்கள்: முதல் இரண்டு வாக்கியம், கடைசி இரண்டு வாக்கியம், குறள், எண்கள். முதல் வாக்கியங்கள் உறுதியாக இருந்தால், நெஞ்சு அடித்துக்கொள்ளும் முதல் அரை நிமிடத்தை அவை தாண்ட வைக்கும். கடைசி வாக்கியம் உறுதியாக இல்லாதவர்கள் 'அதனால... அப்படியாக...' என்று இறங்க வழி தெரியாமல் சுற்றுவார்கள். 2018, பதினான்கு, பதினொன்று, மூன்று ஆகியவற்றை மாற்றிச் சொன்னால் அந்தக் குடும்பங்களே சபையில் இருக்கலாம்.

மேடையில் இருப்பவர்களின் பெயர்களையும் பதவிகளையும் மனப்பாடம் செய்யவே செய்யாதீர்கள். முதன்மைக் கல்வி அலுவலர் வருவார் என்பார்கள், வேறொருவர் வந்து உட்கார்ந்திருப்பார். அந்தப் பட்டியலை அன்று எழுதி, பார்த்தே வாசியுங்கள். பெயரைச் சரியாகச் சொல்லத்தான் பார்க்கிறார் என்று எல்லோருக்கும் புரியும். வாசித்து முடித்ததும் தாளை மடித்து மைக் அருகே வைத்துவிட்டு நிமிருங்கள். அப்புறம் நீங்கள் பேப்பர் இல்லாமல் பேசுகிறவர்தான்.

நின்றுவிட்டால்

அந்த மடித்த தாளின் பின்பக்கத்தில் ஐந்து சொற்கள் பெரிதாக எழுதியிருக்கட்டும்: 2018, செருப்பு, ஒருத்தி, ஸ்டாஃப் ரூம், கேட். முழு வாக்கியம் எதுவும் வேண்டாம். வாக்கியம் இருந்தால் கண் அதைப் படிக்க ஆரம்பித்துவிடும். இது ஏமாற்று வேலை இல்லை. 'பேப்பர் இல்லாமல்' என்று உங்கள் ஸ்டாஃப் ரூம் கேட்டது முகம் பார்த்துப் பேசச் சொல்லித்தான்.

நின்றுவிட்டால் முதலுக்குப் போகாதீர்கள். கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை இன்னொரு முறை, மெதுவாக, அழுத்திச் சொல்லுங்கள். கேட்பவர்களுக்கு அது அழுத்தமாகத்தான் தெரியும், உங்களுக்கு அடுத்த கேள்வி வர நேரம் கிடைக்கும். வராவிட்டால் தாளைப் பார்த்து அடுத்த சொல்லுக்குத் தாவிவிடுங்கள். விட்டுப்போன கழிப்பறைக் கதை உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும்.

விழாவுக்கு முதல் நாள் இரவு ஒரே ஒரு முறை முழுதாகச் சொல்லிவிட்டுப் படுங்கள். விழா அன்று காலை முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி இரண்டையும் சொன்னால் போதும். முடிந்தால் கூட்டம் வருவதற்கு முன் அந்த மேடையில் ஏறி, மைக் இருக்கும் இடத்தில் நின்று, இரண்டாவது கட்டத்தை வெற்று நாற்காலிகளிடம் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். எச்.எம். அம்மா எந்தப் பக்கம் உட்காருவார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'மூணு பேர் வரல' என்று சொல்லும்போது அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.